மெத்தைக்கு அடியில் வைத்த மூச்சு உணரி: ஏழு இரவு அமைதி, இரண்டு இரவில் பதினான்கு முறை மணி. இதை நம்பலாமா?

தேன்சிட்டு

என் மகனுக்குப் பதினொரு வாரம். 39 வாரத்தில் பிறந்தான், எடை 3.1 கிலோ, இதுவரை ஒரு குறையும் இல்லை. எங்கள் அறையிலேயே, என் கட்டிலை ஒட்டி, தனிக் கட்டிலில் மல்லாந்து தூங்குகிறான். உறவினர் ஒருவர் அன்பளிப்பாக இரண்டு கருவிகள் தந்தார். ஒன்று, மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரித் தட்டு. 20 விநாடி அசைவு தெரியாவிட்டால் மணி அடிக்கும். இன்னொன்று, இருட்டிலும் படம் காட்டும் கேமரா.

ஒன்பது இரவுகள் ஆகின்றன. ஏழு இரவுகள் தட்டு சத்தமே போடவில்லை. நடுவில் மழை பெய்து குளிர்ந்த இரண்டு இரவுகளில் மட்டும் பதினான்கு முறை அலறியது. குளிரில் அவனுக்கு மூச்சு தடைப்படுகிறதோ என்ற பயம் எனக்குள் புகுந்துவிட்டது. மணி அடிக்காத இரவுகளிலும் தூங்க முடியவில்லை. கேமராத் திரையைத் தலையணையில் சாய்த்து வைத்து, அவன் மார்புப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைச் சட்டையில் மூச்சு தெரிவதில்லை என்பதால் கோடு போட்ட சட்டையாகப் பார்த்துப் போடுகிறேன். கோடு விரிந்து சுருங்கினால் மூச்சு வருகிறது என்று அர்த்தம். சில நேரம் கோடு நின்றுவிடுகிறது. நான் எண்ணத் தொடங்குகிறேன். ஏழு, எட்டு, ஒன்பது. பிறகு சட்டென்று வேகமாக அசைகிறது. அந்த ஒன்பது விநாடியில் என் கை கால் சில்லிட்டுப் போகிறது.

கணவர் எல்லாவற்றையும் அணைத்துப் பரணில் போடு என்கிறார். நான் இதைவிட நல்ல கருவியாக, ஆக்சிஜன் பார்க்கும் காலுறையாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடல்நுரை

சகோதரி, காலுறையே வாங்குங்கள். மெத்தைத் தட்டு அசைவை மட்டும்தான் பார்க்கும். மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டால் குழந்தையின் மார்பு மூச்சுக்காகப் போராடி மேலும் கீழும் அசையும், காற்று மட்டும் உள்ளே போகாது. தட்டு அதையும் நல்ல மூச்சு என்றே எடுத்துக்கொள்ளும். காலுறை இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையே பார்ப்பதால் ஏமாறாது. ஒன்பது விநாடி மூச்சு நிற்பது சாதாரணம் இல்லை, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் மகளுக்கு ஒரு முறை காலுறை மணி அடித்தது. ஓடிப்போய்த் தூக்கினேன், மூச்சு விட்டாள். அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வேலிப்பருத்தி

கேமராவின் கடவுச்சொல்லை மாற்றினீர்களா? பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால் வெளியாட்கள் உள்ளே நுழைந்து பார்க்க முடியும். முதலில் அதைச் செய்யுங்கள்.

தேன்சிட்டு

நன்றி, மாற்றிவிட்டேன். ஆனால் என் கேள்வி மூச்சைப் பற்றியது.

மூன்றாம்சாமம்

நான் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவுப் பணி பார்த்த செவிலியர். மணி அடித்தால் நாங்கள் முதலில் குழந்தையைப் பார்ப்போம், பிறகுதான் கருவியைப் பார்ப்போம். உங்கள் மகன் நன்றாகப் பால் குடித்து எடை கூடுகிறான் என்றால் அவனைப் பற்றிய என் கவலை மிகக் குறைவு. ஆகவே கருவியைப் பார்ப்போம்.

அந்தப் பதினான்கு மணிகளையும் நினைவிலிருந்து எழுதுங்கள் அம்மா. ஒவ்வொன்றுக்கும் நேரம், குழந்தை எங்கே கிடந்தான், நீங்கள் போனபோது உதடும் நாக்கும் என்ன நிறம், உடல் தளர்ந்திருந்ததா, மூச்சு இருந்ததா. இன்னொரு கேள்வி. இரவில் பால் கொடுக்க எத்தனை முறை அவனைத் தூக்குகிறீர்கள், அப்போது தட்டை அணைக்கிறீர்களா?

தேன்சிட்டு

அம்மா, கணவரும் நானும் உட்கார்ந்து எழுதினோம்.

பதினான்கில் ஆறு, நான் பால் கொடுக்கத் தூக்கிய பிறகு காலிக் கட்டிலுக்கு அடித்தவை. ஐந்து முறை அவன் நெளிந்து நெளிந்து கட்டிலின் ஓரத்துக்குப் போயிருந்தான். மீதி மூன்றுக்குத்தான் காரணம் தெரியவில்லை. ஒன்று 3.10 மணிக்கு, மற்ற இரண்டும் மறுநாள் விடியற்காலை 4.40-க்கும் 4.55-க்கும். மூன்று முறையும் நான் போகும்போது மூச்சு இருந்தது, உதடு சிவப்பாகவே இருந்தது. 4.55-க்கு நான் வாரித் தூக்கியதில் அவன் திடுக்கிட்டு அழுது, அரை மணி நேரம் அடங்கவில்லை.

பாலுக்கு ஓர் இரவில் மூன்று முறை தூக்குகிறேன். தட்டை அணைத்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எழும் அவசரத்தில் நினைவு வராது.

மூன்றாம்சாமம்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்பது இரவு, இரவுக்கு மூன்று என்றால் 27 முறை கட்டில் காலியாக இருந்திருக்கிறது. தட்டு இயங்கிக்கொண்டிருந்தது. பால் கொடுத்துப் படுக்க வைக்கக் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அந்த 27 முறையும் அது அடித்திருக்க வேண்டும். ஆறு முறைதான் அடித்தது. மழை பெய்த இரண்டு இரவுகளின் ஆறு. மற்ற ஏழு இரவுகளில் 21 முறை காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு அது பேசாமல் இருந்திருக்கிறது.

மழை இரவுகளில் நீங்கள் மின்விசிறியை அணைத்திருந்தீர்களா?

நாளைப் பகலில் ஒரு சோதனை செய்யுங்கள். குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, மின்விசிறியை அணைத்துத் தட்டை இயக்குங்கள். மணி அடிக்கும் வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பிறகு, வழக்கமாக இரவில் வைக்கும் வேகத்தில் மின்விசிறியை ஓடவிட்டு அதையே செய்யுங்கள்.

தேன்சிட்டு

செய்து பார்த்துவிட்டேன். எழுதும்போது கை நடுங்குகிறது.

மின்விசிறி இல்லாமல்: 21 விநாடியில் மணி. மின்விசிறியோடு: பத்து நிமிடம் நின்று பார்த்தேன், மணியே அடிக்கவில்லை. பச்சை விளக்கு, எல்லாம் நலம் என்பதுபோல் சீராக மினுக்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் யாருமே இல்லை. எங்களுடையது தரையில் நிற்கும் மின்விசிறி, கட்டிலிலிருந்து இரண்டடி. கட்டில் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன், மெல்லிய அதிர்வு தெரிகிறது. மழை இரவுகளில் அதை அணைத்துத்தான் வைத்திருந்தோம்.

நல்ல இரவுகள் என்று நான் நினைத்த ஏழு இரவுகளிலும் அது மின்விசிறியைத்தான் குழந்தை என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை நம்பிக் கண்ணயர்ந்த நேரங்களும் உண்டு.

மூன்றாம்சாமம்

கை நடுங்க வேண்டாம். அந்த ஏழு இரவுகளிலும் உங்கள் மகன் நன்றாகத்தான் தூங்கினான், கருவியின் தயவு இல்லாமலேயே.

இந்தத் தட்டுகளின் குறை இதுதான். அவை மூச்சை அளப்பதில்லை. மெத்தை வழியாக வரும் மிகச் சிறிய அதிர்வை அளக்கின்றன. அதிர்வு எங்கிருந்து வந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், ஒட்டி நிற்கும் பெரிய கட்டிலில் ஒருவர் புரளுவது, எல்லாமே மூச்சாகிவிடும். மறுபக்கம், குழந்தை தட்டின் நடுவை விட்டு விலகிவிட்டால் நல்ல மூச்சும் எட்டாது. உங்கள் ஐந்து மணிகள் அப்படி வந்தவை.

அந்த மூன்று மணிகளைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன்: என்ன நடந்தது என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு மிக மெலிந்து தட்டுக்கு எட்டாமல் போயிருக்கலாம். நீங்கள் கோட்டுச் சட்டையில் பார்த்ததும் அதுவாக இருக்கலாம். சின்னக் குழந்தைகள் விட்டு விட்டு மூச்சு விடுவார்கள். சில விநாடி வேகமாக, பிறகு ஐந்து முதல் பத்து விநாடி ஒன்றுமில்லை, மீண்டும் வேகமாக. முதல் சில மாதங்களில் இது இயல்பு, மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிர்கிறது என்பதுதான் பொருள். கடல்நுரை சொன்ன ஒன்பது விநாடிக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. 20 விநாடியைத் தாண்டினால், அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலும் உதடும் நாக்கும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், உடல் துவண்டால், அது வேறு விஷயம். உடனே மருத்துவமனை. தூக்கத்தில் நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு தொடர்ந்து ஓடினாலும், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 1,079 குழந்தைகளை வீட்டில் கருவி மாட்டிக் கண்காணித்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. கருவி மணி அடிக்கும் அளவுக்கு மூச்சோ இதயத்துடிப்போ மாறிய நிகழ்வு, எந்த நோயும் இல்லாத நிறைமாதக் குழந்தைகளிலேயே 43 விழுக்காட்டினருக்கு ஒரு முறையாவது வந்தது. நல்ல மருத்துவக் கருவியே ஆரோக்கியமான குழந்தையைப் பார்த்து இப்படி அலறும் என்றால், மின்விசிறியைக் குழந்தையாக்கும் தட்டிடம் என்ன எதிர்பார்ப்பது?

கடல்நுரை

அம்மா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் என் மகள் கதையை நீங்கள் தொடவில்லை. காலுறைகளில் ஒன்றிரண்டுக்கு 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அனுமதி கொடுத்திருக்கிறது. தட்டையும் காலுறையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மூன்றாம்சாமம்

தட்டைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, அடைப்பால் வரும் மூச்சுத் தடையை அது பார்க்காது. அனுமதி பற்றியும் சரி. ஆனால் அந்த அனுமதி, திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்கும் என்று கொடுத்த சான்று இல்லை. அதற்கு முன் 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் அப்போது கடைகளில் இருந்த இரண்டு கருவிகளை 30 குழந்தைகளுக்கு மாட்டி, பக்கத்திலேயே மருத்துவமனைக் கருவியையும் மாட்டிப் பார்த்தார்கள். ஒன்று ஆக்சிஜன் குறைவைச் சில நேரம் கண்டது, சில நேரம் விட்டது. மற்றது ஒரு முறைகூடக் காணவில்லை. 2020-இல் வேறொரு ஆய்வு, பெரியவர்களிடம் செய்தது: தோல் வழியாக ஒளி பாய்ச்சி ஆக்சிஜன் பார்க்கும் கருவிகள், கறுத்த தோல் உள்ளவர்களிடம் குறைவைக் கவனிக்காமல் விடுவது வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் பிள்ளைகளின் நிறத்தை நினைத்து இதைச் சொல்கிறேன்.

உங்கள் மகளுக்கு அன்று என்ன ஆனது என்று நான் சொல்ல முடியாது. தூக்கியதால் மூச்சு வந்ததா, ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்த மூச்சைத் தூக்கிய பிறகு நீங்கள் கவனித்தீர்களா, இரண்டுமே நடக்கும். அவள் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்று நினைவிருக்கிறதா?

கடல்நுரை

இருட்டில் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை அம்மா. அடுத்த குழந்தைக்கும் மாட்டுவேன்.

ஏடுபுரட்டி

இந்தக் கருவிகள் வீட்டுக்குள் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1972-இல் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து குழந்தைகளைக் கவனித்து, தூக்கத்தில் மூச்சு நிற்பதுதான் திடீர்ச் சிசு மரணத்துக்கு முன்னறிகுறி என்ற கருத்தை முன்வைத்தார். அதில் இறந்த இரண்டு குழந்தைகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டில் அதற்கு முன்பும் மூன்று குழந்தைகள் இறந்திருந்தன. அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் மூச்சைக் கண்காணித்தால் மரணத்தைத் தடுக்கலாம் என்ற எண்ணம் பரவி, வீடுகளுக்குள் கருவி வந்தது. 1994-இல் அந்தத் தாய் பிள்ளைகளைத் தானே மூச்சடைத்துக் கொன்றதாக ஒப்புக்கொண்டார். பிறகு மறுத்தார். 1995-இல் ஐந்து குழந்தைகளையும் கொன்ற குற்றத்துக்கு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது.

மரணங்களை உண்மையில் குறைத்தது, குழந்தையை மல்லாந்து படுக்க வைக்கச் சொன்ன பிரசாரம். அமெரிக்காவில் அது 1994-இல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே திடீர் மரணம் பாதியாகக் குறைந்தது. மின்சாரமே தேவைப்படாத மாற்றம் அது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 பரிந்துரையும் திடீர் மரணத்தைத் தடுக்கும் வழியாக வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

இருபத்தெட்டுவாரம்

படிக்கப் படிக்கக் கோபம் வருகிறது. எங்கள் மகள் 28 வாரத்தில் பிறந்தவள். மருத்துவமனையே கண்காணிப்புக் கருவி கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. முதல் வாரத்தில் இரண்டு முறை உண்மையாகவே மூச்சு நின்று, இதயத்துடிப்பு இறங்கி, பாதத்தைத் தட்டி எழுப்பினோம். அது வீண் என்று சொல்வீர்களா?

மூன்றாம்சாமம்

ஐயா, ஒருபோதும் சொல்ல மாட்டேன். உங்களிடம் இருப்பது வேறு பொருள். மருத்துவர் ஒரு குறிப்பிட்ட நோய்க்காக எழுதிக் கொடுத்தது. எந்த எண்ணுக்குக் கீழே மணி அடிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்காகவே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிகழ்வையும் அது பதிவு செய்கிறது, மருத்துவர் அந்தப் பதிவைப் பிரித்துப் பார்த்து எது உண்மை, எது தோலில் ஒட்டிய உணரி கழன்றதால் அடித்தது என்று சொல்ல முடியும். வீட்டுக்கு அனுப்பும் முன் மார்பை அழுத்தவும் மூச்சு ஊதவும் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். எப்போது நிறுத்துவது என்ற நாளும் அதற்கு உண்டு. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் தடை பெரும்பாலும் தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டு 43 வாரம் வரும்போது அடங்கிவிடும். தேன்சிட்டின் தட்டுக்கு இதில் எதுவும் இல்லை. முக்கியமாக, முடியும் நாள் இல்லை.

ஓசையில்லாவீடு

நானும் மனைவியும் காது கேளாதவர்கள். குழந்தை அழுதால் தலையணைக்கு அடியில் அதிரும் தட்டும், திரையும் இல்லாமல் எங்களால் குழந்தை வளர்த்திருக்க முடியாது. அதிர்ந்தால் திரையைப் பார்ப்போம், அழுகிறானா கனவில் முனகுகிறானா என்று முகத்தில் தெரியும், அதன்படி எழுவோம். மூச்சை அதில் தேடியதில்லை.

மழைநிழல்

தேன்சிட்டு, எல்லாரும் தட்டைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் கோட்டுச் சட்டையைப் பற்றிக் கேட்கிறேன். அவன் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் படுத்திருக்கிறான். அப்படியிருக்க அவனைக் கேமராவில் ஏன் பார்க்கிறீர்கள்?

தேன்சிட்டு

தலையைத் தூக்காமல் பார்க்கலாம் என்பதற்காக. எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

மழைநிழல்

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இது நோயாகவே முற்றியது. சிகிச்சை எடுத்துத்தான் மீண்டேன், அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன். பார்த்தவுடன் மனம் இளகும், அந்த இளக்கம் அதிக நேரம் நிற்காது. பிறகு, ‘அப்போது மூச்சு விட்டான், இப்போது?’ என்று மனம் கேட்கும். பார்த்ததால் பயம் தணிந்தது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயத்தைத் தணிக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி பார்ப்பதுதான். எளிதாகப் பார்க்க முடிந்தால் இன்னும் அடிக்கடி பார்ப்போம். கேமரா அதை மிக எளிதாக்கிவிட்டது.

என் மனநல ஆலோசகர் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் செய்தது. கணினித் திரையில் ஓர் அடுப்பைக் காட்டி, அணைத்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியில், எந்தக் குமிழைப் பார்த்தார்கள் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் தங்கள் நினைவின் மீது இருந்த நம்பிக்கை சரிந்துவிட்டது. நிறையப் பார்த்தவர்களுக்குப் பார்த்தது மங்கலாகிப்போனது. எனக்கு அப்படியேதான் நடந்தது. அறுபதாவது முறை பார்த்தபோது, முதல் முறை பார்த்ததைவிடக் குறைவாகவே நம்பினேன்.

இன்று இரவு எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் காகிதத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். குழந்தை தூங்கும்போது, கணவர் விழித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போகிறதா?

தேன்சிட்டு

வருவதில்லை அக்கா.

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 61 கோடுகள். அவன் ஆறரை மணி நேரம் தூங்கினான். நான் மூன்று மணி நேரம்கூட இல்லை.

மழைநிழல்

அப்படியானால் இரண்டு வேலைகள். முதலாவது, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்களைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனநிலையைப் பார்க்கப் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, எடின்பரோ அளவுகோல் என்பார்கள். பதற்றத்தைப் பற்றியும் அதில் கேள்விகள் இருக்கின்றன. கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

இரண்டாவது, ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நான் அப்படி நிறுத்தி மூன்றாம் நாளே இரட்டிப்பாகத் தொடங்கினேன். திரையை அறையின் மறுகோடியில், அலமாரிக்குள் வையுங்கள். பார்க்க வேண்டுமானால் எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் குழந்தையையே நேராகப் பாருங்கள். படுக்கப் போகும்போது ஒரு முறை, ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் ஒரு முறை என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் எண்ணம் வந்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். மறுநாள் பத்து நிமிடம். பயம் அந்த ஐந்து நிமிடத்தில் ஏறும், ஏறிய பிறகு தானாகவே இறங்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்கும்போது எண்ணாதீர்கள். மூச்சை எண்ணத் தொடங்கினால் அது பார்வை இல்லை, காவல்.

தட்டை என்ன செய்வது என்பதைச் செவிலியர் அம்மா சொல்லட்டும்.

மூன்றாம்சாமம்

எடுத்துவிடுங்கள். மின்விசிறியைத் தள்ளி வைத்துத் தட்டைச் சரியாக இயங்க வைக்கலாம், ஆனால் சரியாக இயங்கினால் மழை இரவுகள் திரும்பி வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது உங்களுக்குப் பயன்படவில்லை. எடுக்கும்போது மெத்தை மீண்டும் கட்டிலில் ஓரம் விடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். கேமராவின் மின்கம்பி குழந்தைக் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம்?

தேன்சிட்டு

கட்டில் கம்பியிலேயே கட்டியிருக்கிறோம் அம்மா. படம் நேராக வரும் என்பதற்காக.

மூன்றாம்சாமம்

இதற்குப் பதில் எழுதும் முன் அவிழ்த்துவிடுங்கள். ஒரு மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். கண்காணிப்புக் கருவியின் கம்பி கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கின்றன. சில மாதங்களில் அவன் கை நீட்டி எதையும் இழுப்பான்.

தேன்சிட்டு

அன்றே அவிழ்த்தோம். பன்னிரண்டு இரவுகளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

தட்டு இல்லாத முதல் இரவு 38 கோடுகள். இரண்டாம் இரவு 44. கைவிட்டுவிடலாம் என்று தோன்றியது. நான்காம் இரவு 19, எட்டாம் இரவு 7. ஒன்பதாம் இரவு அவனுக்குச் சளி பிடித்தது, மூக்கு கரகரத்தது, திரும்பவும் 30-க்குப் போய்விட்டேன். மருத்துவரிடம் காட்டினோம், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். நேற்று 5. பத்துக் கேள்வித் தாளையும் நிரப்பினேன். அடுத்த வாரம் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவதுதான் மிகக் கடினம். முதல் முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். நான்காவது நிமிடத்தில் அவன் தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டான். தட்டும் திரையும் இருந்த நாட்களில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கணவர் கேமராவை விற்றுவிடலாம் என்கிறார். அவன் தனி அறைக்குப் போகும் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன். அதில் இன்னும் எங்களுக்குள் முடிவு வரவில்லை.

இருபத்தெட்டுவாரம்

செவிலியர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. கோபத்தில் பேசியதற்கு மன்னியுங்கள். மகளுக்கு 44 வாரக் கணக்கு ஆகிறது. வியாழக்கிழமை கருவியைத் திருப்பித் தரச் சொல்கிறார்கள். தேன்சிட்டு எழுதியதைப் படித்ததும் என் மனைவிதான் நினைவுக்கு வந்தாள். அவள் அந்தப் பச்சை எண்ணைப் பார்க்காமல் இரண்டு மாதமாகத் தூங்கியதில்லை. முதல் இரவை எப்படிக் கடப்பது?

மூன்றாம்சாமம்

திருப்பித் தரும் முன் பதிவைப் பிரித்து உங்கள் இருவருக்கும் காட்டச் சொல்லுங்கள் ஐயா. அடித்த மணிகளில் எத்தனை உண்மை, கடைசி உண்மை எந்த நாள் என்று கேளுங்கள். அந்தத் தேதியை எழுதி வாங்குங்கள். அவர் கேட்க வேண்டியதை மருத்துவர் முன்னாலேயே கேட்கட்டும், நீங்கள் அவருக்காகப் பேசாதீர்கள். மார்பு அழுத்தும் பயிற்சியை அன்றே இன்னொரு முறை இருவரும் செய்து பாருங்கள். இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அவர் தூங்கும் பாதியில் விழித்திருக்கும் பொறுப்பு உங்களுடையது.

இருபத்தெட்டுவாரம்

இன்று தொலைபேசியில் கேட்டேன். கடைசி உண்மையான நிகழ்வு 23 நாட்களுக்கு முன்பு. அதன் பிறகு அடித்த ஒன்பதும் ஒட்டு கழன்றவை. மனைவியிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ‘புதன் இரவே அணைத்துப் பார்ப்போமா, மருத்துவரைக் கேளுங்கள்’ என்றாள். நாளைக் காலை கேட்கப்போகிறேன்.